ஸ்லைடுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே பேச வேண்டியதை எழுதுவது எப்படி: ஒரு டிங்கி விளக்கக் கூட்டத்தை வைத்து ஒரு முழு வழிகாட்டி

பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் கீழ்த்தளத்துப் பொது மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிங்கிக் காய்ச்சலைப் பற்றித் தமிழில் பேசினேன். மொத்தம் எட்டு ஸ்லைடு. ஐந்தாவதில் "காய்ச்சல் 2 முதல் 7 நாள் வரை இருக்கும்" என்று போட்டிருந்தேன். ஆறாவதில் ஆபத்து அறிகுறிகள்: கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், எழுந்து உட்கார முடியாத அசதி. இந்த இரண்டுக்கும் நடுவே நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "அடுத்து, ஆபத்து அறிகுறிகளைப் பார்ப்போம்."

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்தார். "தம்பி, காய்ச்சல் விட்டுருச்சுன்னா அப்புறம் பயமில்லதானே? காய்ச்சல் அடிக்கிற வரைக்கும்தானே இந்த வாந்தி, வயித்துவலியெல்லாம் பாக்கணும்?" என்று கேட்டார். நான் சொல்ல வந்ததற்கு நேர் எதிரான அர்த்தம் அவர் மனதில் பதிந்திருந்தது. டிங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் தொடங்குகிறது. அப்போதிருந்து 24 முதல் 48 மணி நேரம்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நேரம்.

வீட்டுக்கு வந்து ஸ்லைடுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஐந்தாவதில் தப்பு இல்லை, ஆறாவதிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் "ஆனால்" இருந்திருக்க வேண்டும். அது எந்த ஸ்லைடிலும் இல்லை, என் வாயிலும் வரவில்லை. அந்த இடத்தில் நான் "அடுத்து" என்று சொன்னேன். ஒன்றன்பின் ஒன்றாக வருவதை மட்டுமே அந்தச் சொல் காட்டும். ஒன்று ஏன் இன்னொன்றுக்குப் பின்னால் வருகிறது என்பதை அது சொல்லாது. அந்த ஏன் எதற்கு என்பதைக் கேட்பவர் தாமாகவே இட்டு நிரப்பிக்கொள்வார். அந்த அம்மா நிரப்பிக்கொண்டது தவறாகப் போனது.

அதிலிருந்து ஸ்லைடு தயாரிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். இணைப்பு வாக்கியங்களைக் கடைசியில், மேடைக்குப் போன பிறகு வாய்க்கு வந்தபடி சொல்வதை விட்டுவிட்டு, முதலிலேயே எழுதுகிறேன். அதே எட்டு ஸ்லைடை வைத்தே அதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள்

கணினியை மூடி வையுங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு ஸ்லைடும் என்ன சொல்கிறது என்பதை வினைமுற்றோடு ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "ஏடிஸ் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சி" என்பது வாக்கியம் அல்ல, ஒரு பெயர். "முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடுகிறது" என்பதுதான் வாக்கியம். பெயரையும் பெயரையும் வைத்துக்கொண்டு "அதனால்" என்றோ "ஆனால்" என்றோ சொல்ல முடியாது. இரண்டு செய்திகள் இருந்தால்தான் நடுவே ஓர் உறவு இருக்க முடியும். இணைப்பு எழுத வரவில்லை என்று திணறுபவர்கள் பெரும்பாலும் தலைப்புகளை இணைக்கப் பார்த்துத்தான் திணறுகிறார்கள்.

என் எட்டு ஸ்லைடும் பழைய வரிசையில் இப்படி வந்தன:

1. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது.
2. அது வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரில் முட்டையிடுகிறது.
3. டிங்கிக் கிருமியில் நான்கு வகை இருக்கிறது.
4. முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடுகிறது.
5. டிங்கி கண்டவருக்கு 2 முதல் 7 நாள் வரை காய்ச்சல் இருக்கும்.
6. ஆபத்து அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
7. காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டுமே கொடுக்க வேண்டும், ஆஸ்பிரினோ ஐபுபுரோஃபெனோ கூடாது.
8. வாரம் ஒரு முறை தண்ணீர் தேங்கும் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஒரு ஸ்லைடுக்கு ஒரு வாக்கியம் போதவில்லை, இரண்டு தேவைப்படுகிறது என்றால் அது இரண்டு ஸ்லைடு. என்ன யோசித்தும் வாக்கியமே வரவில்லை என்றால் அந்த ஸ்லைடு தேவையில்லை. வேறொரு கூட்டத்துக்காக அழகான ஒரு கொசுப் படம் மட்டும் போட்ட ஸ்லைடு ஒன்று வைத்திருந்தேன். அது இந்தக் கட்டத்திலேயே போய்விட்டது.

நடுவே எந்தச் சொல் பொருந்துகிறது என்று பாருங்கள்

இப்போது அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்களை எடுத்து, நடுவே "அதனால்", "ஆனால்", "ஏனென்றால்", "அப்படியென்றால்", "அப்படியும்" என்று ஒவ்வொன்றாக வைத்து உரக்கப் படியுங்கள். ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டால் அங்கே இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் அதை எடுத்து எழுதினால் போதும். "மேலும்", "அடுத்து", "அதுமட்டுமல்லாமல்" மட்டுமே பொருந்துகிறது என்றால் நின்று யோசியுங்கள். அங்கே வார்த்தை குறையவில்லை, வரிசை தவறியிருக்கிறது.

என் பட்டியலில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக "மேலும்" தவிர வேறு வழி இல்லை. கொசு முட்டையிடுகிறது, மேலும், கிருமியில் நான்கு வகை. மூன்றிலிருந்து நான்குக்கும் அப்படியேதான். மூன்றாவதை எடுத்துவிட்டுப் படித்தேன்: தேங்கிய நீரில் முட்டையிடுகிறது, அந்த முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடுகிறது. ஒட்டிக்கொண்டது. நான்காவதுக்குப் பிறகு எட்டாவதை வைத்துப் பார்த்தேன்: ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடுகிறது, அதனால் வாரம் ஒரு முறை கழுவ வேண்டும். எத்தனை கூட்டத்தில் "வாரம் ஒரு முறை" என்று ஓர் அறிவுரையாகக் கடைசியில் சொல்லியிருக்கிறேன்! அது ஏன் வாரம், ஏன் மாதம் இல்லை என்பதற்கான காரணம் நாலு ஸ்லைடுக்கு முன்னால் தனியாகக் கிடந்திருக்கிறது.

பிறகு எட்டிலிருந்து ஐந்துக்கு: இவ்வளவும் செய்தோம், அப்படியும் கடித்துவிட்டால்? ஐந்திலிருந்து ஏழுக்கு: அந்தக் காய்ச்சலுக்கு என்ன கொடுப்பது? ஏழிலிருந்து ஆறுக்கு, அந்த முக்கியமான "ஆனால்". அதை எழுதுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது, பின்னால் சொல்கிறேன்.

நான்கு வகைக் கிருமி எங்கே போனது? அதைக் கடைசிக்குக் கொண்டுபோனேன். குணமாகி வீட்டுக்கு வந்தவருக்கு வரும் முதல் கேள்வியே "எனக்கு ஒரு தடவை வந்துருச்சு, இனிமே வராதுல்ல?" என்பதுதான். ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிராக உடம்பில் நீண்ட காலத்துக்கு எதிர்ப்பு இருக்கும். மற்ற மூன்று வகைக்கு அப்படி இல்லை. இரண்டாவது முறை வேறு வகை தாக்கினால் கடுமையாகும் வாய்ப்பும் கூடுகிறது. பழைய இடத்தில் யாருக்கும் தேவைப்படாத அறிவியல் தகவலாக இருந்த அதே ஸ்லைடு, புதிய இடத்தில் ஒருவர் கேட்கக் காத்திருக்கும் பதிலாகிவிட்டது. அதோடு அங்கிருந்து மறுபடி வீட்டைச் சுற்றித் தேங்கிய நீருக்குத் திரும்பிப் போகவும் வழி கிடைத்தது.

புதிய வரிசை: 1, 2, 4, 8, 5, 7, 6, 3. ஒரு தகவலும் புதிதாகச் சேர்க்கவில்லை.

கேட்பவர் மனதில் எழும் கேள்வியைப் பிடியுங்கள்

பொருந்தும் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் உறவு தெரிந்துவிட்டது. அடுத்து அதைப் பேச்சாக்க வேண்டும். ஒரு ஸ்லைடைப் பேசி முடிக்கும்போது எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடும் என்று யோசியுங்கள். உங்கள் பார்வையில் யோசிக்காதீர்கள். உங்களுக்கு அடுத்த ஸ்லைடு தெரியும், அவருக்குத் தெரியாது. எனக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் ஸ்லைடை மட்டும் வீட்டில் யாருக்காவது சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். ஐந்து விநாடி சும்மா இருந்தால் அவர்களே கேட்பார்கள். "பகல்ல கடிக்கிறதா? அப்ப ராத்திரி கொசுவலை கட்டி என்ன பிரயோஜனம்?" என்று என் சின்னம்மா கேட்டார். நான் எழுதி வைத்திருந்த இணைப்பைவிட இது நூறு மடங்கு நல்ல இணைப்பு. அப்படியே எடுத்துக்கொண்டேன்:

"இந்தக் கொசு காலையிலும், பொழுது சாய்வதற்கு முன்னாலும்தான் அதிகம் கடிக்கிறது. அப்போ ராத்திரி கொசுவலை கட்டினால் மட்டும் போதாது. கடிக்காமல் தடுப்பதைவிட, இது பிறக்கிற இடத்துக்கே போய்த் தடுப்பதுதான் சுலபம். அந்த இடம் ரொம்ப தூரத்தில் இல்லை."

இங்கே இரண்டாவது ஸ்லைடு. படத்தில் ஒரு பூச்சாடித் தட்டு, ஏர்கோன் தண்ணீர் சொட்டும் வாளி, குளியலறைத் தொட்டி. "ரொம்ப தூரத்தில் இல்லை" என்று சொல்லி முடித்ததும் அவர்கள் தங்கள் வீட்டு வாளியையே திரையில் பார்க்கிறார்கள். ஏடிஸ் கொசு பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் பறக்காது என்ற செய்தியும் இந்த ஒரு வரியிலேயே அடங்கிவிட்டது.

ஒன்று மட்டும் கவனம். எல்லா இணைப்பையும் கேள்வியாக எழுதிவிடாதீர்கள். எட்டு ஸ்லைடில் ஏழு கேள்வி கேட்டால் கேட்பவருக்குப் பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். கேட்பவருக்கு உண்மையிலேயே கேள்வி எழும் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் கேளுங்கள்.

சொல்லைக் கைமாற்றுங்கள்

தமிழில் இதற்கு நமக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. அந்தாதி. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லிலேயே அடுத்த பாட்டு தொடங்கும். நூறு பாட்டை மனப்பாடமாகச் சொல்பவர்களுக்கு அதுதான் பிடிமானம். பாட்டி கதை சொன்ன விதத்தையும் நினைத்துப் பாருங்கள்: "ராஜா காட்டுக்குப் போனான். போனவன் அங்க ஒரு கிணத்தப் பார்த்தான். பார்த்ததும் தாகம் எடுத்துச்சு." முந்தின வாக்கியத்தின் வினையே அடுத்த வாக்கியத்தின் தொடக்கமாகிறது. கதை கேட்கும் குழந்தைக்கு எங்கே இருக்கிறோம் என்று ஒரு நொடிகூடக் குழப்பம் வராது.

ஸ்லைடுக்கும் இதையே செய்யலாம். முந்தின ஸ்லைடின் கடைசி முக்கியச் சொல் அடுத்த ஸ்லைடின் முதல் வாக்கியத்தில், முடிந்தால் முதல் சொல்லாகவே வரட்டும்.

"…இப்படித் தேங்கி நிற்கிற தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. (கிளிக்) இட்ட முட்டை கொசுவாக எத்தனை நாள் ஆகும் தெரியுமா? ஒரு வாரம், பத்து நாள்தான்."

"…ஒரு வாரம், பத்து நாள்தான். அப்படியென்றால் அந்த ஒரு வாரத்துக்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும். (கிளிக்) முந்துவது எப்படி? வாரத்தில் ஒரு நாள், வீட்டைச் சுற்றி ஒரு நடை."

முட்டையிடுகிறது, இட்ட முட்டை. முந்திக்கொள்ள வேண்டும், முந்துவது எப்படி. அந்தச் சொல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. திரையில் படம் மாறுவதால் கேட்பவர் கண் ஒரு நொடி அலையும். அந்த ஒரு நொடியில் காதுக்குப் பழக்கமான சொல் கேட்டால் கண் நிலைத்துவிடும்.

இதில் ஒரு பள்ளமும் உண்டு: "இது", "அது", "இதில்". ஸ்லைடு மாறியதும் "இதனால்தான் ஆபத்து" என்று தொடங்கினால், "இது" எது? திரையில் இப்போது தெரிவதா, சற்று முன் போனதா? பேசுபவருக்குத் தெரியும், கேட்பவர் திரையில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்வார். அதனால் கிளிக்குக்குப் பிறகு வரும் முதல் வாக்கியத்தில் சுட்டுச் சொல்லைத் தனியாக விடாமல் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள்: "அந்த முட்டை", "அந்தக் காய்ச்சல்".

வழுக்கிக்கொண்டு போகும் பொய்

இப்போது ஏழிலிருந்து ஆறுக்குப் போகும் இடம். மருந்து ஸ்லைடிலிருந்து ஆபத்து அறிகுறி ஸ்லைடுக்கு. நான் முதலில் எழுதியது இது:

"மருந்து கொடுத்தோம், காய்ச்சல் இறங்கிவிட்டது. அப்பாடா என்று இருக்கும். ஆனால் ஆபத்து இப்போதுதான் தொடங்குகிறது."

படிக்க நன்றாக இருந்தது. இணைப்புச் சொல் சரி, அந்தாதியும் சரி. ஒரு கிளினிக்கில் தாதியாக வேலை பார்க்கும் தோழியிடம் படித்துக் காட்டினேன். அவர் உடனே நிறுத்தினார். "அண்ணே, நீங்க சொல்றதப் பாத்தா மருந்து குடுத்ததாலதான் ஆபத்து வருதுன்னு ஆயிருதே. பயந்துக்கிட்டு பாராசிட்டமோலே குடுக்காம விட்ருவாங்க" என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. பாராசிட்டமோல் கொடுத்து ஒரு சில மணி நேரம் சூடு குறைவது வேறு. நோயின் போக்கில், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விட்டுப்போவது வேறு. அந்த இரண்டாவது இறக்கத்தின்போதுதான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் விழுந்து நிலைமை மோசமாகிறது. என் இணைப்பு இரண்டையும் ஒன்றாக்கி, இல்லாத காரண உறவு ஒன்றை உண்டாக்கியிருந்தது. இரண்டு ஸ்லைடிலும் இல்லாத பொய் நடுவே நுழைந்துவிட்டது.

இணைப்பு எழுதுவதில் பெரிய ஆபத்து இதுதான். தடங்கலில்லாமல் ஓடும் வாக்கியத்தைக் கேட்பவர் சந்தேகப்பட மாட்டார். தமிழில் இது இன்னும் சுலபமாக நடக்கும், ஏனென்றால் நம் எச்சங்கள் வரிசையையும் காரணத்தையும் ஒரே வடிவத்தில் சொல்லும். "மழை பெய்து பயிர் விளைந்தது" என்றால் மழை பெய்த பிறகா, மழையாலா? இரண்டும்தான். "மருந்து கொடுத்து காய்ச்சல் இறங்கி ஆபத்து வந்தது" என்று எச்சங்களாகக் கோத்தால் எல்லாமே ஒன்றுக்கொன்று காரணமாகிவிடும். அதனால் எழுதிய ஒவ்வொரு இணைப்பையும் எடுத்து, "இது 'பிறகு' என்று சொல்கிறதா, 'அதனால்' என்று சொல்கிறதா? நான் சொல்ல வந்தது எது?" என்று கேளுங்கள். காரணம் இல்லாத இடத்தில் எச்சத்தை உடைத்து முற்றுப்புள்ளி வையுங்கள்.

திருத்திய இணைப்பு இது:

"பாராசிட்டமோல் உடம்புச் சூட்டைக் கொஞ்ச நேரம் தணிக்கும், அவ்வளவுதான். டிங்கியை அது விரட்டாது. டிங்கிக் காய்ச்சல் மூன்றாம் நாளோ, ஐந்தாம் நாளோ தானாகவே விடும். அந்த நாளில்தான் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். ஆனால் அந்த நாளிலிருந்து இரண்டு நாள் தூங்கக் கூடாது."

பிறகு ஒரு மூச்சு. பிறகு கிளிக். "அந்த இரண்டு நாளில் எதைப் பார்க்க வேண்டும்?"

ஆயர் ஈத்தாமில் அந்த அம்மா தவறாகப் புரிந்துகொண்ட இடம் இதுதான். ஐந்து வாக்கியம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற இணைப்புகளுக்கு ஒன்றோ இரண்டோ போதும். கேட்பவர் தவறான பக்கம் திரும்பிவிடக்கூடிய இடத்துக்கு மட்டும் இப்படித் தாராளமாக இடம் கொடுங்கள்.

எங்கே எழுதுவது, எப்போது கிளிக் செய்வது

பவர்பாயின்ட்டில் ஸ்லைடுக்குக் கீழே குறிப்பு எழுதும் பகுதி இருக்கிறது, திரையில் Notes என்று தெரியும். இணைப்பை எழுத வேண்டியது முந்தின ஸ்லைடின் குறிப்பில், கடைசி வரியாக. அடுத்த ஸ்லைடின் குறிப்பில் முதல் வரியாக எழுதாதீர்கள். காரணம் எளிது. அடுத்த ஸ்லைடில் எழுதி வைத்தால் கிளிக் செய்த பிறகுதான் அது உங்கள் கண்ணில் படும். அப்போது திரை ஏற்கெனவே மாறியிருக்கும். கேட்பவர் புதிய ஸ்லைடைப் படித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் பழையதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள், அது யார் காதிலும் விழாது.

குறிப்பின் வடிவம் இப்படி இருக்கட்டும்:

```
முட்டையை ஓரத்தில் ஒட்டிவைக்கும்.
தண்ணீர் காய்ந்தாலும் முட்டை சாகாது.
கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும்.
>> இவ்வளவு செய்தும் ஒரு கொசு தப்பிவிட்டால்?
[கிளிக்]
கடித்தவுடன் ஒன்றும் தெரியாது...
```

`>>` போட்ட வரிதான் இணைப்பு. `[கிளிக்]` எங்கே என்பதையும் எழுதிவிடுங்கள். அதன் கீழே அடுத்த ஸ்லைடில் சொல்லப்போகும் முதல் சொற்களையும் போடுங்கள், அப்போதுதான் கை மாறும் சொல் பிசகாது. மற்ற விளக்கத்தைச் சுருக்கமாகக் குறித்தாலும் சரி. `>>` வரியை மட்டும் எந்தச் சொல்லில் பேசப் போகிறீர்களோ அதே சொல்லில் முழுதாக எழுதுங்கள்.

பேசும் வரிசை: இணைப்பைச் சொல்லி முடியுங்கள், கிளிக் செய்யுங்கள், இரண்டு விநாடி பேசாமல் இருங்கள், பிறகு தொடங்குங்கள். அந்த இரண்டு விநாடி கண்ணுக்குக் கொடுக்கும் நேரம். முதலில் கிளிக் செய்துவிட்டுத் திரும்பித் திரையைப் பார்த்து, "ஆங்… இது வந்து…" என்று தொடங்குவதுதான் பேச்சு துண்டு துண்டாகப் போவதற்கு முதல் காரணம் என்பது என் அனுபவம்.

கோயில் மண்டபம், குடியிருப்புப் பொது மண்டபம் போன்ற இடங்களில் மடிக்கணினியைப் புரொஜெக்டரில் மாட்டியதும் `Windows + P` அழுத்தி `Extend` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் குறிப்பும் அடுத்த ஸ்லைடும் உங்கள் திரையில் மட்டும் தெரியும். வீட்டில் ஒரே திரையில் ஒத்திகை பார்க்க `Alt + F5`. இதையெல்லாம் நம்பினாலும் `>>` வரிகளை மட்டும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்கிறேன். எட்டு ஸ்லைடுக்கு ஏழு வரிதான். மின்சாரம் போனாலும் அந்த ஒரு தாளை வைத்துப் பேசி முடித்துவிடலாம்.

இணைப்பே வேண்டாத இடமும் உண்டு. ஒரே படத்தின் இரண்டு நிலையைக் காட்டும்போது, உதாரணமாகத் தட்டில் தண்ணீர், அதே தட்டில் நெளியும் புழு, ஒன்றும் சொல்லாமல் கிளிக் செய்யுங்கள். படம் பேசட்டும். அதற்கு மாறாகப் பேச்சு ஒரு பெரிய பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பும் இடத்தில், நம் உதாரணத்தில் கொசுவிலிருந்து நோயாளிக்குத் திரும்பும் இடத்தில், கொஞ்சம் நின்று வந்த வழியை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்: "இதுவரை கொசுவை வீட்டுக்கு வெளியே நிறுத்துவதைப் பார்த்தோம். இனி அது கடித்துவிட்ட பிறகு என்ன என்று பார்ப்போம்." அந்த நேரத்தில் `B` விசையை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும், எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு திரும்பி வரும்.

ஸ்லைடைப் பார்க்காதவரிடம் படித்துக் காட்டுங்கள்

எழுதி முடித்ததும் எட்டு வாக்கியங்களையும் ஏழு இணைப்புகளையும் மாற்றி மாற்றி உரக்கப் படித்துத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். திரை வேண்டாம், படம் வேண்டாம். அதை ஸ்லைடைப் பார்க்காத ஒருவரிடம் போட்டுக் காட்டி, எங்கே ஸ்லைடு மாறுகிறது என்று கையைத் தூக்கச் சொல்லுங்கள். அவர் சரியாகத் தூக்கும் ஒவ்வோர் இடத்திலும் தையல் தெரிகிறது என்று அர்த்தம். பகுதி திரும்பும் இடத்தில் தெரிந்தால் நல்லதுதான். மற்ற இடத்தில் தெரிந்தால் அந்த இணைப்பைத் திருத்த வேண்டும்.

பிறகு நீங்களே தனியாகக் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்லைடின் முதல் சொல்லை மட்டும் எழுதுங்கள். "அடுத்ததா", "இங்க பார்த்தீங்கன்னா", "சரி", "இது வந்து" என்று வந்தால் அங்கே இணைப்பை எழுதியிருந்தும் வாய் அதைச் சொல்லவில்லை. பெரும்பாலும் அந்த வரி வாயில் வராத எழுத்துநடையில் இருக்கும். "அவ்வாறாயினும் கொசுக்கடி நேரிடும் பட்சத்தில்" என்று எழுதி வைத்தால் மேடையில் யாராலும் சொல்ல முடியாது. "அப்படியும் கடித்துவிட்டால்" என்று எழுதுங்கள். நீங்கள் கோப்பிக்கடையில் நண்பரிடம் எப்படிச் சொல்வீர்களோ அதைத்தான் எழுத வேண்டும்.

ஸ்லைடை எடுத்தால், நேரம் குறைந்தால், கோப்பை அனுப்பினால்

ஒரு ஸ்லைடை எடுத்துவிட்டால் உடைவது இரண்டு இணைப்பு: அதற்குள் நுழைவதும், அதிலிருந்து வெளியே வருவதும். கோப்பிலிருந்து ஸ்லைடை அழித்தவுடன் முந்தின ஸ்லைடின் `>>` வரிக்குப் போய்ப் புதிதாக எழுதுங்கள். அழித்த ஸ்லைடைப் பற்றிய கேள்வியை மேடையில் கேட்டுவிட்டு, பதில் இல்லாத வேறு ஸ்லைடுக்குப் போய் நிற்பது கேட்பவரைக் கைவிடுவதாகும்.

இருபது நிமிடம் என்று சொல்லிப் பத்து நிமிடம் கொடுப்பது நம் நிகழ்ச்சிகளில் சகஜம். அதற்கும் முன்கூட்டியே ஒரு குறுக்குவழி இணைப்பு எழுதி வையுங்கள். என்னுடையது இரண்டாவது ஸ்லைடிலிருந்து நேராக எட்டு எண் வாக்கியத்துக்குப் போகும்: "…தேங்கின தண்ணீரில் முட்டையிடுகிறது, அந்த முட்டை ஒரு வாரத்தில் கொசு. அதனால் வாரம் ஒரு நாள்." பேசிக்கொண்டே புதிய வரிசையில் அந்த ஸ்லைடின் எண்ணை, அதாவது 4-ஐ, அழுத்தி `Enter` தட்டினால் அந்த ஸ்லைடுக்கே போய்விடும், நடுவில் உள்ளவை திரையில் ஓடாது. ஆனால் மருந்துக்கும் ஆபத்து அறிகுறிக்கும் நடுவே உள்ள அந்த ஐந்து வாக்கியத்தை மட்டும் எவ்வளவு நேரம் குறைந்தாலும் குறைக்க மாட்டேன்.

கடைசியாக, கூட்டம் முடிந்ததும் எப்படியும் யாராவது ஸ்லைடை வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். PDF ஆக அனுப்பினால் படங்களும் தலைப்புகளும் போகும், உங்கள் குரல் போகாது. அதனால் முதல் படியில் தாளில் எழுதிய முழு வாக்கியங்களையே ஸ்லைடுகளின் தலைப்பாகப் போடுங்கள். தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே படித்தாலே ஒரு பத்தி மாதிரி ஓட வேண்டும். இணைப்புச் சொல்லையும் தலைப்பிலேயே சேர்த்துவிடலாம். ஆறாவது ஸ்லைடில் முன்பு "ஆபத்து அறிகுறிகள்" என்று இருந்த தலைப்பு, நான் இப்போது அனுப்பும் கோப்பில் இப்படி இருக்கிறது: "ஆனால் காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள், இவற்றைப் பாருங்கள்."